'ஹேவ்' இருக்கிற வரியில் 'யெஸ்டர்டே' வரலாமா?

"சேர், ஹட்டனில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் 'ஐ ஹேவ் ஹேண்டட் ஓவர் மை சேர்ட்டிபிகேட்ஸ் யெஸ்டர்டே' என்று ஒரு வரி. தம்பி அது பிழை என்கிறான். கம்ப்யூட்டரில் அடித்தபோது சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை. எது சரி? இப்படி ஒரு வரி வந்தால் நானே எப்படிச் சரிபார்ப்பது? கடிதம் முழுவதையும் இதோடு அனுப்புகிறேன்."

தம்பி சொன்னதுதான் சரி, மகள். அந்த வரியில் 'யெஸ்டர்டே' இருக்க வேண்டுமென்றால் 'ஹேவ்' போக வேண்டும்: 'ஐ ஹேண்டட் ஓவர் மை சேர்ட்டிபிகேட்ஸ் யெஸ்டர்டே.' 'ஹேவ்' இருக்க வேண்டுமென்றால் 'யெஸ்டர்டே' போக வேண்டும். இரண்டும் ஒரே வினைக்குச் சேராது. சிவப்புக் கோடு பெரும்பாலும் எழுத்துப் பிழைக்கு வருவது. உங்கள் வரியில் ஒவ்வொரு சொல்லும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. பிழை இரண்டு சொற்களின் சேர்க்கையில் இருக்கிறது.

இத்தோடு பதிலை முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தில் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' வருகிற ஆறு வரிகள் இருக்கின்றன. ஆறிலும் 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் மந்த்', 'திஸ் மோர்னிங்' என்று ஏதோ ஒரு காலச் சொல்லும் இருக்கிறது. "யெஸ்டர்டே வந்தால் ஹேவை வெட்டு" என்று மட்டும் நான் சொன்னால், சரியாக எழுதிய மூன்று வரிகளை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கில வரிகளை வாசித்துக் காட்டுகிற மாதிரி தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

முதலில், இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நீங்கள் கவனமில்லாமல் எழுதியதால் வந்தது இல்லை இது. நல்ல தமிழ் உங்கள் மனதில் ஓடுவதால்தான் வந்தது. "சேர்ட்டிபிகேட் எல்லாம் நேற்றே குடுத்துட்டேன்" என்று வீட்டில் சொல்வீர்கள் இல்லையா? எழுத்தில் அது "நேற்றே கொடுத்துவிட்டேன்". பள்ளிக்கூடத்தில் 'ஐ ஹேவ் கிவன்' என்பதற்கு என்ன பொருள் சொல்லித் தந்தார்கள்? "நான் கொடுத்துவிட்டேன், கொடுத்திருக்கிறேன்." அப்படியானால் "நேற்றே கொடுத்துவிட்டேன்" என்பதை ஆங்கிலத்தில் போடும்போது 'ஐ ஹேவ் கிவன் யெஸ்டர்டே' என்றுதானே வரும்?

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் அதே அட்டவணையைத்தான் கரும்பலகையில் எழுதினேன். ஒரு பக்கம் 'ஹேவ் கோன்', எதிரே "போய்விட்டேன், போயிருக்கிறேன்". அடுத்த வாரம் கொப்பிகளைத் திருத்த எடுத்தால், ஒன்று விடாமல் 'ஐ ஹேவ் கோன் டு நுவரெலியா யெஸ்டர்டே'. அத்தனை பிள்ளைகளும் ஒரே பிழையை விட்டால் அது பிள்ளைகளின் பிழை இல்லை, நான் எழுதிக் கொடுத்த அட்டவணையின் பிழை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அந்த அட்டவணையை நான் எழுதுவதில்லை.

தமிழில் 'விட்டேன்' என்பது வேலை முடிந்தது, இனி அதில் ஒன்றும் பாக்கியில்லை என்பதைச் சொல்கிறது. எப்போது முடிந்தது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. "இப்பதான் குடுத்துட்டேன்", "நேற்றே குடுத்துட்டேன்", "போன வருசமே குடுத்துட்டேன்" எல்லாம் நமக்குச் சரி. 'இருக்கிறது' என்பதும் அப்படித்தான். காலையில் கதவைத் திறக்கிறீர்கள். லயத்து வாசல் நனைந்து கிடக்கிறது, கூரையிலிருந்து இன்னும் சொட்டுகிறது. "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறீர்கள். மழை பெய்ததை நீங்கள் பார்க்கவில்லை. அடையாளத்தைப் பார்த்து அறிந்துகொண்டதைச் சொல்கிறீர்கள். அங்கேயும் "ராத்திரி" என்கிற முடிந்துபோன காலம் எந்தச் சண்டையும் இல்லாமல் கூட உட்கார்ந்துகொள்கிறது.

ஆங்கிலத்தில் 'ஹேவ்' இந்த இரண்டு வேலையையும் இப்படிச் செய்வதில்லை. 'இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்' என்பது பிழை. வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து அறிந்ததென்றால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்'. மழைச் சத்தம் கேட்டு எழும்பியிருந்தவர் என்றால் 'இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்'. நம்முடைய 'பெய்திருக்கிறது' என்பதற்குள் இருக்கிற ஊகத்தை ஆங்கிலம் 'மஸ்ட்' என்கிற தனிச் சொல்லிடம் கொடுத்திருக்கிறது. அந்த 'மஸ்ட் ஹேவ்' ஏன் 'லாஸ்ட் நைட்'டோடு சேர்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே அது வருகிறது, அங்கே சொல்கிறேன்.

அப்படியானால் 'ஹேவ்' என்னதான் செய்கிறது? பேசுகிறவர் இந்த நிமிடத்தில் நின்றுகொண்டு நடந்ததைப் பார்க்கிறார். வேலை நேற்று நடந்திருக்கலாம், பத்து வருடம் முன்பும் நடந்திருக்கலாம், ஆனால் பேச்சு இப்போதைப் பற்றியது. 'ஐ ஹேவ் ஹேண்டட் ஓவர் மை சேர்ட்டிபிகேட்ஸ்' என்றால், என் சேர்ட்டிபிகேட் இப்போது உங்களிடம் இருக்கிறது, இனி நீங்கள் பார்க்கலாம் என்பது செய்தி. 'ஐ ஹேண்டட் ஓவர்' என்றால் பேச்சே நேற்றைக்குப் போய்விடுகிறது. அங்கே நின்று நேற்று நடந்ததைச் சொல்கிறீர்கள். ரைஷன்பாக் என்ற அறிஞர் 1947இல் இதை அழகாகப் பிரித்துச் சொன்னார். ஒரு வாக்கியத்துக்குள் பேசுகிற நேரம், செயல் நடந்த நேரம், பேசுகிறவர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்கிற நேரம் என்று மூன்று இருக்கின்றன என்றார். இரண்டு வாக்கியத்திலும் செயல் ஒன்றேதான். பார்க்கிற இடம்தான் வேறு. 'யெஸ்டர்டே' என்ற சொல் பார்க்கிறவரை நேற்றைக்கு இழுக்கிறது, 'ஹேவ்' அவரை இன்றைக்கு இழுக்கிறது. அதுதான் சிக்கல்.

சரி, இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். நான் பார்க்கிற முறை இதுதான். முதலில் 'ஹேவ்', 'ஹேஸ்' எங்கே இருக்கிறது என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள். அப்புறம் காலச் சொல்லைத் தேடி, அது அந்த வினையைத்தான் சொல்கிறதா, வேறு வினையைச் சொல்கிறதா என்று கேளுங்கள். அதே வினையைத்தான் சொல்கிறது என்றால், அந்தக் காலம் முடிந்துவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்த காலம், அதே வினை என்று இரண்டும் சேர்ந்தால்தான் பிழை.

முதல் வரி: 'ஐ ஹேவ் அப்ளைட் ஃபோர் திஸ் போஸ்ட் லாஸ்ட் மந்த்.' இங்கே வினை ஒன்றுதான், அப்ளைட். எப்போது? லாஸ்ட் மந்த். போன மாதம் முடிந்துவிட்டது. பிழை. 'ஐ அப்ளைட் ஃபோர் திஸ் போஸ்ட் லாஸ்ட் மந்த்' என்று மாற்றுங்கள். இரண்டாவது வரி தம்பி பிடித்தது. அதுவும் இதே வகை.

மூன்றாவது வரிதான் எனக்குப் பிடித்தது: 'ஐ ஹேவ் லொஸ்ட் த ரிசீட் யுவர் கிளார்க் கேவ் மீ யெஸ்டர்டே.' மேலோட்டமாகப் பார்த்தால் இதிலும் 'ஹேவ்' இருக்கிறது, 'யெஸ்டர்டே' இருக்கிறது. தம்பி இதையும் வெட்டச் சொல்லியிருப்பான். ஆனால் இங்கே வினை இரண்டு. தொலைந்தது ஒன்று, கிளார்க் தந்தது ஒன்று. நேற்று என்பது எதற்கு? தந்ததற்கு. நேற்று தந்த ரசீது, இப்போது கையில் இல்லை. 'கேவ்' என்பது ஏற்கெனவே 'ஹேவ்' இல்லாத கடந்த கால உருவமான சிம்பிள் பாஸ்டில்தான் இருக்கிறது, அதனால் அதற்குப் பக்கத்தில் 'யெஸ்டர்டே' சரி. 'ஹேவ் லொஸ்ட்' என்பதற்குக் காலச் சொல்லே இல்லை, அதுவும் சரி. சந்தேகம் வந்தால் காலச் சொல்லை எடுத்து வாக்கியத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள். 'யெஸ்டர்டே ஐ ஹேவ் லொஸ்ட் த ரிசீட் யுவர் கிளார்க் கேவ் மீ' என்றால் தொலைந்ததே நேற்று என்று பொருள் மாறிவிடுகிறது. அப்படிப் பொருள் மாறினால், அந்தச் சொல் முன்னால் இருக்கிற வினைக்குச் சொந்தமில்லை என்று அர்த்தம். முதல் வரியில் 'லாஸ்ட் மந்த்'தை முன்னால் கொண்டுவந்து பாருங்கள், பொருள் மாறவே மாறாது. அது 'ஹேவ் அப்ளைட்'டின் காலம்தான் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

'ஐ ஹேவ் ரெட் யெஸ்டர்டேஸ் பேப்பர்' என்பதும் இதே காரணத்தால் சரி. அங்கே நேற்று என்பது பத்திரிகைக்குத்தான் சொந்தம், வாசித்ததற்கு இல்லை. நேற்றைய பத்திரிகையை இன்று காலையில் வாசிப்பது மலையகத்தில் புதிய விசயமா என்ன?

நான்காவது வரி: 'மை ஃபோன் ஹேஸ் பீன் அவுட் ஒஃப் ஓர்டர் சின்ஸ் யெஸ்டர்டே.' இது முழுக்கச் சரி. 'சின்ஸ்' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. 'சின்ஸ் யெஸ்டர்டே' என்றால் நேற்று இல்லை, நேற்றிலிருந்து இந்த நிமிடம் வரை. காலம் இன்னும் ஓடுகிறது, ஃபோன் இன்னும் வேலை செய்யவில்லை. உண்மையில் இங்கே 'ஹேஸ்' போடாவிட்டால்தான் பிழை. நம் பிள்ளைகள் 'மை ஃபோன் இஸ் அவுட் ஒஃப் ஓர்டர் சின்ஸ் யெஸ்டர்டே' என்று எழுதுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "நேற்றிலேர்ந்து வேலை செய்யல" என்று தமிழில் சொல்லும்போது அது இப்போதும் வேலை செய்யாததைத்தானே சொல்கிறது, அதனால் 'இஸ்' வந்துவிடுகிறது. நீங்கள் அந்த இடத்தில் தவறவில்லை.

ஐந்தாவது வரி: 'யூ மஸ்ட் ஹேவ் ட்ரைட் டு கோல் மீ யெஸ்டர்டே ஈவினிங்.' இங்கே வினை ஒன்றுதான், காலம் நேற்று மாலை, முடிந்துவிட்டது. நான் மேலே சொன்ன கணக்குப்படி பிழையாக வர வேண்டும். ஆனால் சரி. காரணம் எளிது. 'மஸ்ட்' என்பதற்குப் பிறகு வருகிற வினை கடந்தகால உருவம் எடுக்க முடியாது. 'யூ மஸ்ட் ட்ரைட்' என்று ஆங்கிலத்தில் கிடையாது. அந்த இடத்தில் கடந்த காலத்தைக் காட்ட 'ஹேவ்' தவிர வேறு வழி இல்லை. அதனால் அங்கே இருக்கிற 'ஹேவ்', 'ஐ ஹேவ் கிவன்' மாதிரியான பிரசன்ட் பெர்பெக்டின் வேலையைச் செய்யவில்லை, வெறும் கடந்த காலத்தின் வேலையைத்தான் செய்கிறது. 'மே ஹேவ்', 'ஷுட் ஹேவ்', 'குட் ஹேவ்' எல்லாம் இப்படித்தான். 'ஐ ஷுட் ஹேவ் கம் யெஸ்டர்டே' என்றால் நேற்று வந்திருக்க வேண்டும், வரவில்லை. அதைத் தொடாதீர்கள். 'டு ஹேவ்' என்பதும், 'ஹேவிங்' என்பதும் இதே குடும்பம். ஆகவே அடிக்கோடு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'ஹேவ்' என்பதற்கு நேர் முன்னால் ஆளோ பொருளோ இருக்கிறதா, அல்லது 'மஸ்ட்', 'டு' மாதிரி ஒரு சொல் இருக்கிறதா? 'ஐ ஹேவ்', 'ஷீ ஹேஸ்', 'மை ஃபோன் ஹேஸ்' என்று ஆளோ பொருளோ இருந்தால்தான் நம்முடைய கேள்வி எழும்.

ஆறாவது வரிக்கு என்னால் இங்கிருந்து ஒரே விடை சொல்ல முடியாது: 'ஐ ஹேவ் கோல்ட் யுவர் ஒஃபிஸ் டுவைஸ் திஸ் மோர்னிங் ஃப்ரம் மை நெய்பர்ஸ் ஃபோன்.' இது சரியா பிழையா என்பது நீங்கள் எத்தனை மணிக்கு எழுதினீர்கள் என்பதில் இருக்கிறது. மலையில் கொழுந்து நிறுக்கிறதை வைத்துச் சொல்கிறேன். காலை பதினொரு மணிக்கு ஒருவர் இதுவரை எடுத்த கொழுந்தைச் சொன்னால் 'ஷீ ஹேஸ் ப்ளக்ட் எய்ட் கிலோஸ் திஸ் மோர்னிங்'. காலை இன்னும் முடியவில்லை, இன்னும் எடுப்பார். பின்னேரம் நாலு மணிக்கு அதே கணக்கைச் சொன்னால் 'ஷீ ப்ளக்ட் எய்ட் கிலோஸ் திஸ் மோர்னிங்'. அந்தக் காலை முடிந்துவிட்டது, அந்த எட்டு கிலோ இனி அதிகமாகாது. 'டுடே', 'திஸ் வீக்', 'திஸ் இயர்' எல்லாம் இப்படித்தான், அந்தக் காலத்துக்குள்ளேயே நின்று பேசினால் 'ஹேவ்' நிற்கும். உங்கள் கடிதத்தை மத்தியானத்துக்குப் பிறகு எழுதியிருந்தால் 'ஐ கோல்ட் யுவர் ஒஃபிஸ் டுவைஸ் திஸ் மோர்னிங்' என்று மாற்றிவிடுங்கள். காலையிலேயே எழுதியிருந்தால் அப்படியே விடலாம்.

இன்னொன்று. முடிந்த காலம் என்பது எப்போதும் 'யெஸ்டர்டே' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வராது. 'டூ டேஸ் அகோ', 'இன் மார்ச்', 'இன் 2019', 'வென் ஐ வோஸ் அட் ஸ்கூல்' எல்லாம் அதே ஆள்தான். 'அட் த இன்டர்வியூ' என்பது இடம் மாதிரித் தெரிந்தாலும், அந்த இன்டர்வியூ நடந்து முடிந்ததென்றால் அது முடிந்த காலம்தான். எல்லாவற்றையும்விட அதிகமாக மறந்துபோவது 'வென்' என்று கேட்கிற கேள்வி. "எப்ப வந்தீங்க?" என்பதை 'வென் ஹேவ் யூ கம்?' என்று கேட்கக் கூடாது, 'வென் டிட் யூ கம்?' என்றுதான் கேட்க வேண்டும். எப்போது என்று கேட்டாலே ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கேட்கிறோம், அந்த நேரம் போய்விட்டது. இதையே திருப்பி ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் வாக்கியம் 'வென் டிட் யூ?' என்ற கேள்விக்குப் பதிலாக நிற்குமென்றால், அதில் 'ஹேவ்' இருக்கக் கூடாது.

'ஜஸ்ட்', 'ஆல்ரெடி', 'ரீசன்ட்லி' என்பவை எந்த ஒரு நேரத்தையும் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. அதனால் அவற்றோடு 'ஹேவ்' நன்றாகவே சேரும். அமெரிக்கர்கள் அங்கேகூட அடிக்கடி 'ஐ ஆல்ரெடி ஹேண்டட் இட் ஓவர்' என்று 'ஹேவ்' இல்லாமல் பேசுவார்கள். ஆனால் 'யெஸ்டர்டே' விசயத்தில் அமெரிக்கப் பாடப்புத்தகமும் பிரிட்டிஷ் பாடப்புத்தகமும் ஒரே பக்கம்தான்.

உங்களுக்கு இன்னொரு கவலை இருக்கும் என்று நினைக்கிறேன். 'ஹேவ்' போனால், சேர்ட்டிபிகேட் இப்போது அவர்களிடம் இருக்கிறது என்கிற அழுத்தமும் போய்விடுகிறதே? நியாயமான கவலை. இரண்டும் வேண்டுமென்றால் வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் 'ஹேவ்' வைத்துச் செய்தியைச் சொல்லுங்கள், அப்புறம் 'ஹேவ்' இல்லாமல் விவரத்தைச் சொல்லுங்கள்: 'ஐ ஹேவ் ஹேண்டட் ஓவர் மை சேர்ட்டிபிகேட்ஸ். ஐ கேவ் தெம் டு யுவர் கிளார்க் யெஸ்டர்டே.' ஆங்கிலச் செய்திகளிலும் இந்த ஒழுங்கைப் பார்க்கலாம். முதல் வரியில் 'ஹேஸ்', அடுத்த வரியிலிருந்து எங்கே, எப்போது என்று சிம்பிள் பாஸ்ட். இதைப் பழகிக்கொண்டால் நாம் 'விட்டேன்' என்பதில் வைத்திருக்கிற முடிந்தது என்ற உணர்வையும் இழக்க வேண்டியதில்லை.

தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். 'ஹேவ்' என்பதோடு நேற்று சேராது என்பது உலகப் பொது விதி இல்லை. ஜெர்மன் மொழியில் இதே அமைப்பில், 'ஹேவ்' என்பதற்குச் சமமான சொல்லை வைத்தே, "நேற்று அவரைப் பார்த்தேன்" என்று தாராளமாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சிலும் அப்படித்தான். ஆங்கிலத்துக்குள்ளேயே, அவுஸ்திரேலியாவில் பொலிஸார் ஒரு சம்பவத்தை விவரிக்கும்போது 'ஹேவ்' வினையோடு குறிப்பிட்ட நேரத்தைச் சேர்த்துப் பேசுவதை மொழி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் பகுதியிலும் இந்தியாவிலும் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று நன்கு படித்தவர்களே பேசுவதைக் கேட்கலாம். ஆகவே யாராவது அப்படிப் பேசினால் அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று எண்ண வேண்டாம். ஆனால் பரீட்சைத் தாளிலும் வேலைக் கடிதத்திலும் இது பிழையாகத்தான் கணக்கிடப்படும். உங்கள் கடிதத்தை வாசிக்கப் போகிறவர் அந்தக் கணக்கில் வாசிப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் திருத்திவிடுங்கள்.

கடிதத்தை நீங்கள் மத்தியானத்துக்குப் பிறகு அனுப்புவதாக வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்:

'ஐ அப்ளைட் ஃபோர் திஸ் போஸ்ட் லாஸ்ட் மந்த். ஐ ஹேவ் ஹேண்டட் ஓவர் மை சேர்ட்டிபிகேட்ஸ். ஐ கேவ் தெம் டு யுவர் கிளார்க் யெஸ்டர்டே. அன்ஃபோர்ச்சுனேட்லி, ஐ ஹேவ் லொஸ்ட் த ரிசீட் ஹீ கேவ் மீ. மை ஃபோன் ஹேஸ் பீன் அவுட் ஒஃப் ஓர்டர் சின்ஸ் யெஸ்டர்டே, அண்ட் யூ மஸ்ட் ஹேவ் ட்ரைட் டு கோல் மீ யெஸ்டர்டே ஈவினிங். ஐ கோல்ட் யுவர் ஒஃபிஸ் டுவைஸ் திஸ் மோர்னிங் ஃப்ரம் மை நெய்பர்ஸ் ஃபோன்.'

ரசீதைப் பற்றிய வரியில் இருந்த 'யெஸ்டர்டே'யை நான் எடுத்தது அது பிழை என்பதால் இல்லை. முன் வரியிலேயே அது வந்துவிட்டது, அவ்வளவுதான். கிளார்க் ஒரு பெண் என்றால் 'ஹீ' என்பதை 'ஷீ' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.